‘4 நாள் லீவ் வேணும்’... செல்போன் குறிப்பை முறையான விடுப்புக் கடிதமாக்குவது எப்படி?

லீவ் கேட்கணும்னு முடிவானதும் நம்மில் பலர் முதலில் செய்வது, செல்போன் நோட்ஸில் நாலு வரி தட்டிவைப்பதுதான். அந்த நாலு வரியை அப்படியே கடிதத்தில் இறக்கினால் சிக்கல். என்ன சிக்கல்? தமிழ்நாடு அரசு அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் இளநிலை உதவியாளர் ஒருவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். அவரது குறிப்பு இது:

“அக்கா கல்யாணம் ஆகஸ்ட் 29 வெள்ளி, திருநெல்வேலி. திங்கள் மறுவீடு. வியாழன் நைட் கிளம்பணும், டிக்கெட் போட்டாச்சு. செவ்வாய் ஜாயின். 4 நாள் லீவ். ஆடிட் பதில் 1ஆம் தேதி போகணும், பக்கத்து சீட் அக்கா பாத்துக்கறேன்னாங்க.”

நிஜமாவே 4 நாளா?

கடிதம் எழுதும் முன் காலண்டரைப் பார்க்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 29 வெள்ளி, செப்டம்பர் 1 திங்கள். இடையில் இருப்பவை சனி, ஞாயிறு. தமிழக அரசு அலுவலகங்களுக்கு இரண்டுமே விடுமுறை. ஊழியர் ஊரில் இல்லாதது 4 நாள்தான். ஆனால் அவர் கேட்க வேண்டிய விடுப்பு 2 நாள் மட்டுமே.

இங்கேதான் ‘விடுப்பு’, ‘விடுமுறை’ என்ற இரண்டு சொற்களையும் பிரித்துப் பார்க்கணும். எல்லோருக்கும் பொதுவாக அலுவலகம் மூடியிருப்பது விடுமுறை. அலுவலகம் இயங்கும் நாளில் ஒருவர் மட்டும் அனுமதி பெற்று வராமல் இருப்பது விடுப்பு. பேச்சில் இரண்டையும் ‘லீவ்’ என்றே சொல்லிவிடுவதால் கடிதத்திலும் குழப்பம் வருகிறது.

தமிழக அரசு ஊழியருக்கு ஓராண்டுக்குக் கிடைக்கும் தற்செயல் விடுப்பு 12 நாள். பேச்சுவழக்கில் ‘சி.எல்.’ என்பது இதைத்தான். இடையில் வரும் விடுமுறை நாட்கள் இந்தக் கணக்கில் கழிவதில்லை. ‘29 முதல் 1 வரை 4 நாள் தற்செயல் விடுப்பு’ என்று எழுதிக் கொடுத்து, அதுவே பதிவேட்டில் ஏறினால், 2 நாள் வீணாகக் கழியும். அதேசமயம், விடுமுறை நாட்களையும் சேர்த்து மொத்தம் 10 நாளுக்கு மேல் தொடர்ந்து வராமல் இருக்கக் கூடாது என்பது இந்த விடுப்புக்கான வரம்பு. நம் உதாரணத்தில் 4 நாள்தான் என்பதால் பிரச்சினை இல்லை.

பொருள் வரி: ஒரே வரியில் மொத்தக் கடிதம்

‘பொருள்: விடுப்பு வேண்டி’ என்று எழுதுவது பள்ளிக்கூடப் பழக்கம். அலுவலகத்தில் இது போதாது. என்ன விடுப்பு, எந்தத் தேதிகள், எத்தனை நாள், என்ன கோரிக்கை என்ற நான்கும் அந்த ஒரு வரியிலேயே இருக்கணும். ஒவ்வொன்றுக்கும் நடுவே சிறு கோடு போட்டு, கடைசியில் ‘தொடர்பாக’ என்று முடிப்பது அரசு அலுவலக வழக்கம். அதிகாரி கடிதத்தை முழுதாகப் படிக்கும் முன்பே விஷயம் புரிந்துவிடும். பதிவேட்டில் குறிப்பவருக்கும் இந்த வரியே போதும்.

விளி எழுதும்போது ‘ஐயா / அம்மா’ என்று இரண்டையும் போட்டு விடாதீர்கள். யாருக்கு எழுதுகிறோம் என்பது தெரியும்தானே! மாதிரிக் கடிதத்தை அப்படியே காப்பி அடித்தது போல் தெரியும்.

எதைச் சேர்க்கணும், எதை விடணும்?

குறிப்பில் இருக்கும் ‘டிக்கெட் போட்டாச்சு’ கடிதத்துக்கு வேண்டாம். அனுமதி கிடைக்கும் முன்பே முடிவெடுத்துவிட்டதாக அது தொனிக்கும். விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்று அரசு ஊழியருக்கான அடிப்படை விதிகளில் 67ஆவது விதி சொல்கிறது. வேலை நெருக்கடி இருந்தால் அதிகாரி மறுக்கலாம்.

அதனால்தான் குறிப்பின் கடைசி வரி முக்கியமாகிறது. தணிக்கைக்கான பதிலை அனுப்ப வேண்டிய தேதி, ஊழியர் ஊரில் இல்லாத திங்கட்கிழமை. அதிகாரி முதலில் கேட்கப்போகும் கேள்வியும் இதுவாகத்தான் இருக்கும். இதைச் சொல்லாமல் விட்டால் கடிதம் மேசையிலேயே நிற்கும். கேள்வி வரும் முன்பே பதிலை எழுதிவிடுவது நல்லது. ‘பாத்துக்கறேன்னாங்க’ என்பதைவிட, கிளம்பும் முன் எந்த வேலை முடியும், மீதியை யார் அனுப்புவார் என்று தெளிவாகச் சொல்லணும்.

குறிப்பில் இல்லாத ஒன்றையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. வெளியூர் போவதால், தலைமையிடத்தை விட்டுச் செல்ல அனுமதி கேட்கணும். விடுப்பு கேட்டதிலேயே இதுவும் அடங்கிவிட்டது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இது தனிக் கோரிக்கை, தனியாக எழுத வேண்டும்.

இனி கடிதம்

அனுப்புநர்
(பெயர்),
இளநிலை உதவியாளர், ‘அ’ பிரிவு,
வட்டாட்சியர் அலுவலகம்,
சென்னை.

பெறுநர்
வட்டாட்சியர் அவர்கள்,
வட்டாட்சியர் அலுவலகம்,
சென்னை.

பொருள்: தற்செயல் விடுப்பு – 29.08.2025 மற்றும் 01.09.2025 – 2 நாட்கள் – தலைமையிடத்தை விட்டுச் செல்லவும் அனுமதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். எனது மூத்த சகோதரியின் திருமணம் 29.08.2025 வெள்ளிக்கிழமையும், மறுவீட்டு நிகழ்ச்சி 01.09.2025 திங்கட்கிழமையும் திருநெல்வேலியில் நடைபெற உள்ளன. எனவே, மேற்கண்ட இரு நாட்களுக்குத் தற்செயல் விடுப்பும், இடையில் வரும் 30.08.2025, 31.08.2025 ஆகிய விடுமுறை நாட்களைச் சேர்த்து, 28.08.2025 அலுவலக நேரம் முடிந்தபின் தலைமையிடத்தை விட்டுச் செல்ல அனுமதியும் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

01.09.2025 அன்று அனுப்ப வேண்டிய தணிக்கைப் பதிலை 28.08.2025 அன்றே தயார் செய்து தங்கள் கையொப்பத்துக்கு வைத்துவிடுவேன். அதை அனுப்பும் பணியைப் பிரிவின் உதவியாளர் கவனிக்க ஒப்புக்கொண்டுள்ளார். 02.09.2025 செவ்வாய்க்கிழமை காலை பணிக்குத் திரும்புவேன்.

விடுப்புக்கால முகவரி: (திருநெல்வேலி முகவரி, கைபேசி எண்)

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
(பெயர்)

இடம்: சென்னை
நாள்: 20.08.2025

கொடுக்கும் முன் ஒரு பார்வை

பொருள் வரியில் உள்ள தேதியும் உள்ளே எழுதிய தேதியும் ஒன்றுதானா? தேதிக்கும் கிழமைக்கும் பொருந்துகிறதா? பணிக்குத் திரும்பும் நாள் இருக்கிறதா? இந்த மூன்றில்தான் பெரும்பாலும் தவறு நடக்கும். ‘29 முதல் 1 வரை’ என்று ஓரிடத்திலும் ‘2 நாட்கள்’ என்று இன்னோரிடத்திலும் இருந்தால், விளக்கம் கேட்டுக் கடிதம் திரும்பி வரலாம்.

தனியார் நிறுவனத்தில் வேலையா?

கடித அமைப்பு இதேதான். மின்னஞ்சல் என்றால் அனுப்புநர், பெறுநர் முகவரிகள் தேவையில்லை. பொருள் வரி சப்ஜெக்ட் கட்டத்துக்குப் போய்விடும். தலைமையிட அனுமதியும் பொதுவாக இருக்காது.

ஆனால் நாள் கணக்கு மாறலாம். வெள்ளியும் திங்களும் விடுப்பு எடுத்தால், நடுவில் வரும் சனி, ஞாயிறையும் விடுப்பாகவே கழிக்கும் முறை சில நிறுவனங்களில் உண்டு. ‘சாண்ட்விச்’ விதி என்று அதைச் சொல்வார்கள். அங்கே இதே கல்யாணத்துக்கு நிஜமாகவே 4 நாள் போய்விடும். அதனால் பொருள் வரியில் எண்ணை எழுதும் முன், உங்கள் நிறுவனத்தின் விடுப்பு விதியில் இந்த ஒரு விஷயத்தை மட்டும் எச்.ஆரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.