கேமிங் கணினிக்கு எவ்வளவு பெரிய யூபிஎஸ் வேண்டும்?

கேம் சேவ் ஆகும்போது திரையின் மூலையில் ஒரு சின்ன வட்டம் சுழல்கிறது. அந்த ஓரிரு நொடிகளில் சில கேம்கள் பழைய சேவ் கோப்பைத் திறந்து, அதில் இருந்ததை அழித்துவிட்டு, புதியதை அதன் மேலேயே எழுதுகின்றன. வட்டம் மறைந்துவிட்டாலும் வேலை முடிந்துவிட்டதென்று நம்ப முடியாது. எழுதச் சொன்ன தகவலை விண்டோஸ் சில நொடிகள் ரேமில் வைத்திருந்து, பிறகுதான் எஸ்எஸ்டிக்கு அனுப்பும். அந்த இடைவெளியில் கரண்ட் போனால் ரேமில் இருந்தது போனதுதான். விண்டோஸின் கோப்பு முறை, கோப்பின் பெயர், அளவு போன்ற பதிவுகளை மீட்டுக்கொள்ளும். உள்ளே இருக்கும் தகவலுக்கு அந்தக் காவல் கிடையாது. அதனால்தான் சில சமயம் சேவ் கோப்பு அதே பெயரில், சரியான அளவில் இருக்கும், உள்ளே வெறும் பூஜ்யங்களாக.

இதைத் தடுக்க மின்தடை முழுவதும் ஆடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எழுத ஆரம்பித்ததை எழுதி முடித்து, கேமை மூடி, கணினியை ஒழுங்காக அணைக்க இரண்டு நிமிடம் போதும். நினைத்த இடத்தில் சேவ் செய்ய விடாத கேம் என்றால், அடுத்த சேவ் இடம் வரை போகக் கூடுதலாகக் கொஞ்ச நேரம் வேண்டும். ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்வது நியாயமான கணக்கு. ஆனால் அது பேட்டரி புதிதாக இருக்கும்போது கிடைக்கும் ஐந்து நிமிடமாக இருக்கக் கூடாது. இரண்டு வருடம் உழைத்த பேட்டரியும் அதைத் தர வேண்டும். கடையில் யூபிஎஸ் வாங்குபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான்.

முதலில் தெரிய வேண்டியது கணினி எத்தனை வாட் இழுக்கிறது என்பது. எஸ்எம்பிஎஸ் மேல் 650 வாட் என்று எழுதியிருந்தால், அது அந்த எஸ்எம்பிஎஸ் தரக்கூடிய உச்ச அளவு; கணினி இழுப்பது அதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டும் ரைசன் 5 5600 பிராசஸரும் உள்ள ஒரு கணினியை எடுத்துக்கொள்ளலாம். கார்டு 115 வாட், பிராசஸர் அதிகபட்சம் 76 வாட், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, மின்விசிறிகள் எல்லாம் சேர்ந்து சுமார் 45 வாட். கூட்டினால் 236. எஸ்எம்பிஎஸ் தன் பங்குக்குக் கொஞ்சத்தை வெப்பமாக வீணாக்குவதால், சுவரிலிருந்து இழுப்பது 275 வாட் அளவுக்குப் போகும். மானிட்டருக்கு 25. ஆக 300 வாட். ப்ளக்கில் செருகும் பவர் மீட்டர் ஒன்று கிடைத்தால், கனமான கேம் ஓடும்போது நேரடியாகவே அளந்துவிடலாம். கணக்கைவிட அதுதான் நம்பகம்.

யூபிஎஸ் பெட்டியின் மேல் பெரிதாக இருப்பது விஏ எண். பார்க்க வேண்டியது, பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் வாட் எண். 600 விஏ யூபிஎஸ்கள் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். 1100 விஏ என்றால் 660 வாட். 360-க்குள் 300 அடங்கிவிடுகிறதே என்று தோன்றும். ஆனால் கிராபிக்ஸ் கார்டு சீராக இழுப்பதில்லை. காட்சி மாறும் ஒரு கணத்தில் அதன் இழுப்பு சராசரியைவிட வெகுவாக எகிறும். சுவர் கரண்டில் அது தெரியாது. பேட்டரியில் ஓடும்போது யூபிஎஸ் அதை ஓவர்லோட் என்று கருதி அப்படியே அணைந்துவிடலாம். எனவே அளந்த வாட், யூபிஎஸ் தாங்கும் வாட்டில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 300 வாட்டுக்கு 450-க்குக் குறையாத யூபிஎஸ் தேவை.

அடுத்தது நேரம். சின்ன யூபிஎஸ்ஸில் பொதுவாக ஒரு 12 வோல்ட், 7 ஏஹெச் பேட்டரி இருக்கும். பெருக்கினால் 84 வாட்-மணி. இந்த அளவு, பேட்டரியை 20 மணி நேரத்தில் மெதுவாகக் காலி செய்தால் கிடைப்பது. வேகமாக இழுத்தால் லெட்-ஆசிட் பேட்டரி தன்னிடம் இருப்பதை முழுதாகத் தராது. மேலே சொன்ன 300 வாட்டுக்கு, யூபிஎஸ்ஸுக்குள் ஆகும் இழப்பையும் சேர்த்தால், பேட்டரி கிட்டத்தட்ட 350 வாட் கொடுக்க வேண்டும். ஒற்றைப் பேட்டரிக்கு இது கொடூரமான சுமை. 84-ல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 28 வாட்-மணி தேறினால் பெரிது. 28-ஐ 350-ஆல் வகுத்தால் ஐந்து நிமிடம்கூட வராது. பேட்டரி பழசானால் ஒன்றரை நிமிடத்துக்கும் உத்தரவாதமில்லை. இரண்டு பேட்டரி உள்ள 1100 விஏ யூபிஎஸ்ஸில் ஒவ்வொன்றின் மீதும் சுமை பாதியாகிறது. அதனால் ஒவ்வொன்றும் தன் கொள்ளளவில் பாதியைத் தரும். 168-ல் பாதி 84. வகுத்தால் 14 நிமிடம். வயதான பிறகும் ஐந்து நிமிடம் மிஞ்சும். இந்தக் கணினிக்கு ஏற்றது இதுதான்.

கரண்ட் போனதும் சுமையைக் குறைப்பதும் ஆடுபவர் கையில் இருக்கிறது. பாஸ் செய்தால் கார்டு ஓய்வெடுக்கும் என்று எண்ணுவது இயல்பு. சில கேம்களில் மெனு திரை நொடிக்கு நூற்றுக்கணக்கான ஃபிரேம்களை வீணாக வரைந்துகொண்டிருக்கும். ஃபிரேம் வேகத்தை 60-க்குக் கட்டுப்படுத்தி வைத்திருந்தால் இந்த விரயம் இல்லை. பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கும்போது யூபிஎஸ் எதற்கு என்று கேட்கலாம். எஸ்எம்பிஎஸ் கரண்ட் இல்லாமல் தாக்குப்பிடிப்பது நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம்தான். சின்ன யூபிஎஸ் அதற்குள் பேட்டரிக்கு மாறிவிடும். மின்விசிறிக்கும் விளக்குக்கும் என்று அமைத்த இன்வெர்ட்டர் அதைவிட மெதுவாக மாறலாம். கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும். பின்புறம் யூபிஎஸ் மோட் சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுப் பார்க்கலாம். சதுர அலை இன்வெர்ட்டருக்குப் பின்னால் யூபிஎஸ்ஸை மாட்டினால் வேறொரு சிக்கல் வரக்கூடும்: அந்தக் கரண்டை யூபிஎஸ் ஏற்காமல் தன் பேட்டரியிலேயே ஓடித் தீர்ந்துவிடும்.

விலை குறைந்த யூபிஎஸ்களும் பேட்டரியில் ஓடும்போது படிக்கட்டு போன்ற அலையைத்தான் தருகின்றன. இப்போதைய எஸ்எம்பிஎஸ்களில் பல அதை ஏற்றுக்கொள்ளும். சில இரையும், சில அணைந்துவிடும். அணைந்தால் சைன் அலை தரும் யூபிஎஸ்தான் வழி. எது நடக்கும் என்பதைச் சோதித்துத்தான் அறிய முடியும். சேவ் கோப்புகளை வேறு இடத்தில் நகல் எடுத்துக்கொண்டு, யூபிஎஸ்ஸை முழுதாகச் சார்ஜ் செய்து, கனமான கேமை ஓட்டியபடி சுவர் சுவிட்சை அணைக்க வேண்டும். ப்ளக்கைப் பிடுங்கக் கூடாது; பிடுங்கினால் எர்த் இணைப்பும் போய்விடும். மானிட்டரும் யூபிஎஸ்ஸில் இருக்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். அது அணைந்துவிட்டால் சேவ் பட்டனைத் தேடவே முடியாது. ஐந்து நிமிடம் நின்றால் சோதனை முடிந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்து, நேரம் மூன்று நிமிடத்துக்குக் கீழே இறங்கியதும் பேட்டரியை மாற்றிவிடலாம். வெயில் ஊர்களில், அதுவும் காற்றில்லாத மேஜை அறைக்குள் வைத்த யூபிஎஸ்ஸில், இரண்டு மூன்று வருடத்திலேயே அந்த நாள் வரும்.

ஆள் அருகில் இல்லாத நேரத்துக்கு யூஎஸ்பி கேபிள் உதவும். அந்த வசதியுள்ள பல யூபிஎஸ்களைக் கணினியில் இணைத்தால் விண்டோஸ் அதை லேப்டாப் பேட்டரி போலக் காட்டும். பவர் அமைப்புகளில் `Critical battery action` என்பதை `Shut down` ஆக்கி, `Critical battery level` அளவைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். கடைசி சேவுக்குப் பிறகு ஆடியது போய்விடும். கோப்பு மட்டும் பாதியில் அறுபடாது.