மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடி

மாணவர்களே, பட்டறையில் மின்வாளை முடுக்கும்போது விளக்கு ஒரு கணம் மங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? ஓடும் மோட்டார், தன் சுழற்சியாலேயே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்கிறது. நின்றிருக்கும் மோட்டாரில் அது இல்லை. அதனால் கிளம்பும் நொடியில், ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது.

மின்வாரியக் கம்பி இதைத் தாங்கும். சூரிய மின்கலன், பேட்டரி ஆகியவற்றின் மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டர் தாங்குமா?

ஒரு சிறிய தச்சுப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். அங்கே 1.5 கிலோவாட் மின்வாள் இருக்கிறது. அது மும்முனை மோட்டார், அதாவது த்ரீ ஃபேஸ். 750 வாட் கம்ப்ரசரும் இருக்கிறது. அது ஒருமுனை மோட்டார். பெயர்ப்பலகையில் உள்ள 1.5 கிலோவாட் என்பது மோட்டார் தரும் வேலையின் அளவு. இழப்புகளையும் சேர்த்தால் வாள் ஓடும்போது சுமார் 2.3 கேவிஏ எடுக்கும். கிளம்பும்போது ஆறு மடங்கு, ஏறக்குறைய 14 கேவிஏ.

சரி, 6 கேவிஏ மும்முனை இன்வெர்ட்டர் வாங்கலாமா? சில நொடிகளுக்கு இரு மடங்கு தரக்கூடியதென்றாலும் 12தான் கிடைக்கும். மின்னழுத்தம் சரியும். இங்கேதான் சிக்கல்: மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. மின்னழுத்தம் 70 விழுக்காடாகக் குறைந்தால் முறுக்குவிசை பாதிக்கு வந்துவிடும். வாள் சுழலாமல் 'உம்ம்' என்று முனகும். உடனே நிறுத்தாவிட்டால் சுருள் கருகும். நல்ல இன்வெர்ட்டர் அதற்குள் தானே நின்றுவிடும்.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த 6 கேவிஏ மூன்று முனைகளுக்குப் பிரிகிறது. ஒரு முனைக்கு 2தான். கம்ப்ரசர் ஒரே முனையில் தொங்குகிறது. அது கிளம்ப ஏறத்தாழ 8 வேண்டும். மற்ற இரு முனைகள் சும்மா இருந்தாலும் உதவிக்கு வரமாட்டா.

என் தேர்வு 5 கேவிஏ ஒருமுனை இன்வெர்ட்டர். சில நொடிகளுக்கு 10 தரக்கூடியதாக இருந்தால் கம்ப்ரசர் கிளம்பிவிடும். வாளுக்கு முன்னால் ஒரு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்தலாம். (பட்டறைக்காரர்கள் இதையும் 'இன்வெர்ட்டர்' என்றே சொல்வதால் கடையில் குழப்பம் வரும்!) இது 230 வோல்ட் ஒருமுனை மின்சாரத்தை வாங்கி, மும்முனையாக்கித் தருகிறது. அலைவெண்ணைச் சில ஹெர்ட்ஸில் தொடங்கி மெல்ல 50க்கு ஏற்றுவதால், அந்த ஆறு மடங்கு இழுவையே வராது.

ஆனால் இக்கருவி தருவது 230 வோல்ட் மும்முனை, 400 அன்று. பெயர்ப்பலகையில் 230/400 என்று இருந்தால், உரிமம் பெற்ற மின்பணியாளர் மோட்டாரின் இணைப்பை நட்சத்திர வடிவிலிருந்து முக்கோண வடிவுக்கு மாற்ற வேண்டும். மின்தேக்கியுள்ள கம்ப்ரசரை இக்கருவியில் இணைக்கவே கூடாது. வாள் மரம் அறுத்துக்கொண்டிருக்கும்போது கம்ப்ரசர் தானாகக் கிளம்பினால் இன்வெர்ட்டர் திணறும்; முதலில் காற்றுத் தொட்டியை நிரப்பிவிட்டு வாளைத் தொடலாம். பட்டறையில் மும்முனை இயந்திரங்கள் நான்கைந்து சேர்ந்துவிட்டால், பெரிய மும்முனை இன்வெர்ட்டர்தான் கட்டுப்படியாகும்.