கோடுகள் குறுக்கிடாத போர்டு

555 ஐசியை வைத்து ஒரு எல்இடியை மினுக்க வைக்கும் சர்க்யூட், வரைபடத்தில் மிகச் சுலபமாகத் தெரியும். நடுவில் ஒரு கட்டம், மேலே பிளஸ், கீழே கிரவுண்ட். ஒரு கோடு இன்னொன்றைக் கடக்க வேண்டுமென்றால் தாராளமாகக் கடந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் செம்பு உள்ள போர்டில் அதற்கு வழியில்லை. இரண்டு செம்புத் தடங்கள் குறுக்கிட்டால் அது ஷார்ட்.

வரைபடம் எது எதோடு சேர வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. எங்கே இருக்க வேண்டும் என்று சொல்வதில்லை. KiCad போன்ற மென்பொருளில் வரைபடத்தைப் போர்டுக்குக் கொண்டுவந்ததும் பாகங்கள் குவியலாக வந்து விழும். சேர வேண்டிய கால்களுக்கிடையே மெல்லிய கோடுகள் சிலந்திவலை போல ஓடும். புதிதாகப் பழகுபவர்கள் உடனே தடம் இழுக்கத் தொடங்கிவிடுவார்கள். பாகங்களை நகர்த்தியும் திருப்பியும் அந்த வலையின் சிக்கலைக் குறைப்பதுதான் முதல் வேலை.

ஐசியின் பள்ளம் மேலே இருக்கும்படி வைத்துப் பாருங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, 4 கால்கள்; வலப்பக்கம் கீழிருந்து மேலாக 5, 6, 7, 8. இந்தச் சர்க்யூட்டில் 2-ம் 6-ம் சேர வேண்டும். 4-ம் 8-ம் பிளஸில் சேர வேண்டும். இரண்டு இணைப்புகளையும் ஐசிக்கு அடியிலேயே கொண்டுபோனால் கட்டாயம் குறுக்கிடும். ஆகவே ஒன்றுதான் அடியில் போகலாம். 2–6 அங்கே போகட்டும். 4-லிருந்து கிளம்பும் பிளஸ் தடம் ஐசியின் கீழ்ப்புறமாகச் சுற்றி, வலப்பக்கம் ஏறி 8-ஐ அடையட்டும்.

இப்போது 5, 6, 7 கால்கள் பிளஸ் தடத்தின் வளைவுக்குள் மாட்டிக்கொண்டன. 7-க்கும் பிளஸுக்கும் இடையிலான 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும், 7-க்கும் 6-க்கும் இடையிலான 68 கிலோ ஓம் ரெசிஸ்டரும் உள்ளேயே அடங்கிவிடும். ஆனால் நேரத்தை அளக்கும் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை வரைபடங்களில் 6-ம் காலுக்குக் கீழே வரைவது வழக்கம். அங்கே வைத்தால் கிரவுண்டுக்குப் போக வழி அடைபட்டிருக்கும். 2-ம் 6-ம் ஏற்கெனவே ஒன்றுதானே? கெப்பாசிட்டரை இடப்பக்கம், 2-ம் காலுக்கும் அடுத்துள்ள கிரவுண்டுக் காலான 1-க்கும் இடையே வைத்தால் தீர்ந்தது.

5-ம் காலின் சிறு கெப்பாசிட்டருக்கும் கிரவுண்ட் வேண்டும். கிரவுண்ட் தடம் 1-லிருந்து இடப்பக்கமாக இறங்கி, பிளஸ் தடத்துக்கு வெளியே கீழ்ப்புறம் வந்து நிற்கட்டும். கெப்பாசிட்டர் போர்டின் மறுபக்கத்தில் நிற்பதால், பிளஸ் தடம் அதன் இரண்டு கால்களுக்கு நடுவே ஓடலாம். பாகமே பாலமாகிவிடுகிறது, தனியாக ஜம்பர் கம்பி தேவையில்லை. 3-லிருந்து வரும் வெளியீடு இடப்பக்கம் ரெசிஸ்டர், எல்இடி வழியாக அதே கிரவுண்டில் முடியும்.

ஒரு பாகத்துக்கு மட்டும் இடம் முன்பே நிச்சயம். பிளஸுக்கும் கிரவுண்டுக்கும் இடையிலான 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் 8-க்கும் 1-க்கும் நடுவே, ஐசியின் பள்ளத்தை ஒட்டியே இருக்க வேண்டும். சாதாரண 555, வெளியீட்டை மாற்றும் கணத்தில் சட்டென்று நிறைய மின்னோட்டம் இழுக்கும். அதை அருகிலிருந்தே கொடுப்பது இதன் வேலை. வரைபடத்தில் இது பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்தாலும் அதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

இதற்குப் பிறகு தடம் இழுப்பது சில நிமிட வேலை. வீட்டில் ஃபெரிக் குளோரைடில் அரிப்பதானால் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையாத தடம் நல்லது. மெலிந்தவை அரிபட்டு அறுந்துபோகும். ஐசி கால்களின் இடைவெளி 2.54 மில்லிமீட்டர். அதில் செம்பு வட்டங்களுக்கே 1.6 போய்விட்டால் மீதி 0.94தான். இரண்டு கால்களுக்கு நடுவே 0.8 தடத்தை நுழைத்தால் இருபுறமும் ஒரு மயிரிழைதான் மிஞ்சும், சால்டர் ஒட்டிக்கொள்ளும். நம் அமைப்பில் எந்தத் தடமும் அப்படி நுழையவில்லை.

தடங்கள் மிக நெருங்கியிருந்தால் மென்பொருளின் விதிச் சோதனை காட்டிக் கொடுக்கும். கையிலிருக்கும் கெப்பாசிட்டரின் கால்கள் அந்தத் துளைகளுக்குப் பொருந்துமா என்பது அதற்குத் தெரியாது. போர்டை அதே அளவில் காகிதத்தில் அச்சிட்டு, பாகங்களைக் குத்திப் பார்த்துவிடுங்கள்.

அச்சில் இன்னொரு ஆபத்தும் உண்டு. என் முதல் போர்டில் அதில்தான் தவறினேன். திரையில் அடிப்பக்கச் செம்பு, போர்டை ஊடுருவி மேலிருந்து பார்ப்பதுபோலத் தெரியும். டோனரைச் செம்பில் தேய்த்து ஒட்டும்போது காகிதம் தானாகவே கவிழ்ந்துவிடும். அது தெரியாமல் நான் கண்ணாடிப் பிம்பமாக அச்சிட்டேன். அரித்து, துளையிட்டு, ஐசியைச் செருகிய பிறகு பார்த்தால் 1 இருக்க வேண்டிய இடத்தில் 8 இருந்தது. கடைசியில் பாகங்களையெல்லாம் செம்புப் பக்கத்திலேயே வைத்து சால்டர் செய்து ஒப்பேற்றினேன்.

அன்றிலிருந்து செம்பு அடுக்கிலேயே சில எழுத்துகளைப் போட்டுவைக்கிறேன். காகிதத்தில் அவை இடவலம் மாறித் தெரிந்தால் போர்டில் நேராக விழும். காகிதத்திலேயே நேராகப் படிக்க முடிந்தால், இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கும் முன் மறுபடி அச்சிட வேண்டியதுதான்.