பட்டியலின் உச்சியில் இருந்த பங்கு

தீபாவளி முடிந்த வாரம் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். முறுக்குத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டுக் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். பங்குகளின் பட்டியல் ஒன்று திரையில் இருந்தது. அதிக ஈவுத்தொகை விகிதம் உள்ள பங்கு மேலே வரும்படி செயலியில் வரிசைப்படுத்தியிருந்தார். முதலில் நின்ற பங்குக்கு 12 விழுக்காடு.

“பேங்க்ல போட்டா மூணு வர்றதே பெருசு. இதுல இருபதாயிரம் போட்டா வருஷத்துக்கு 2,400 வெள்ளி சும்மா வரும். கணக்கியல் படிக்கிற பொண்ணு நீ, என்னம்மா சொல்ற?”

அந்த இருபதாயிரம் அவருடைய வைப்புத்தொகை. அந்த மாதம்தான் முதிர்ச்சி அடைந்திருந்தது. எனக்கு ஒரு வாரம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.

ஈவுத்தொகை விகிதம் என்பது எளிய வகுத்தல் கணக்கு. ஒரு பங்குக்குக் கொடுத்த ஈவுத்தொகையைப் பங்கின் விலையால் வகுக்க வேண்டும். சித்தப்பா காட்டிய பங்கு கடந்த ஓராண்டில் 6 காசு கொடுத்திருந்தது. விலை 50 காசு. அதனால் 12 விழுக்காடு. கணக்கில் பிழை இல்லை. ஆனால் மேலே இருக்கும் எண் கடந்த ஆண்டுக்குச் சொந்தமானது. கீழே இருக்கும் விலையோ இன்றையது. இனி என்ன நடக்கும் என்று வாங்குவோரும் விற்போரும் நினைக்கிறார்களோ, அது அந்த விலைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. நேற்றைய எண்ணை நாளையைப் பற்றிய எண்ணால் வகுத்து, அதை வட்டி விகிதம் போலப் படிக்கிறோம்.

அந்தப் பங்கின் விலை ஓராண்டுக்கு முன் 75 காசாக இருந்தது. அப்போதும் ஈவுத்தொகை 6 காசுதான், விகிதம் 8 விழுக்காடு. அது 12 ஆக உயர்ந்ததற்கு நிறுவனம் ஒரு காசும் கூடுதலாகத் தரவில்லை. விலை விழுந்தது, அவ்வளவுதான்.

சித்தப்பாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது நினைவுக்கு வந்தது, வகுப்பில் படித்த ஏஷியன் பே டெலிவிஷன் டிரஸ்ட். 2013ஆம் ஆண்டு மே மாதம் ஒரு யூனிட் 97 காசு என்ற விலையில் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தைக்கு வந்தது. அதன் கையில் இருந்த சொத்து ஒன்றே ஒன்று, தைவானில் இயங்கும் ஒரு கேபிள் தொலைக்காட்சி நிறுவனம். மாதாமாதம் வீடுகளிலிருந்து கட்டணம் வருகிறது, அதை யூனிட் வைத்திருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறோம் என்பதுதான் அதன் கதை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

தொடக்கத்தில் ஆண்டுக்கு 8.25 காசு கொடுத்தது. பிறகு அது 6.5 காசாகக் குறைந்தது. அந்த 6.5 காசு காலாண்டுக்கு 1.625 காசாகத் தவறாமல் வந்துகொண்டிருந்தது. விலை மட்டும் இறங்கிக்கொண்டே போனது. 60 காசுக்கு வாங்கியவருக்கு விகிதம் கிட்டத்தட்ட 11 விழுக்காடு. 2018 நவம்பரில் விலை சுமார் 30 காசு. 6.5ஐ 30ஆல் வகுத்தால் ஏறத்தாழ 22 விழுக்காடு.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஐந்தே ஆண்டுகளில் போட்ட பணம் முழுவதும் திரும்பிவிடும் என்றால், பெரிய பெரிய முதலீட்டு நிதிகள் ஏன் ஓடி வந்து வாங்கவில்லை? அவர்களுக்கும் வகுத்தல் தெரியும். அந்த 6.5 காசு நீடிக்கும் என்று அவர்கள் நம்பவில்லை. நீடிக்காது என்று விலையே சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த நவம்பரில் அறிவிப்பு வந்தது. இனிக் காலாண்டுக்கு 0.3 காசு, 2019க்கும் 2020க்கும் ஆண்டுக்கு 1.2 காசு. விலை கிட்டத்தட்டப் பாதியாகச் சரிந்தது. முந்திய வாரம் 10,000 யூனிட்டை 3,000 வெள்ளி கொடுத்து வாங்கிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 650 வெள்ளியை எதிர்பார்த்தவருக்கு இனி 120 வெள்ளி. போட்ட முதலும் பாதி போய்விட்டது. குறைப்பு வரும் என்று சந்தை எதிர்பார்த்திருந்தது. இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை போலும்.

ஏன் குறைத்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. தைவானில் மக்கள் இணையத்தில் படம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு வீட்டிலிருந்து கேபிளுக்குக் கிடைக்கும் மாதக் கட்டணம் மெல்ல மெல்ல இறங்கியது. இணையச் சேவையை விற்றுப் பிழைக்கலாம் என்றால், அதற்கு ஃபைபர் கம்பிவடம் போட வேண்டும். அது பெரும் செலவு. கடனோ நூறு கோடி வெள்ளிக்கு மேல் இருந்தது. வருமானம், முதலீட்டுச் செலவு, வட்டி மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் 6.5 காசு கொடுக்கப் பணம் மிஞ்சாது. கடன் வாங்கிக் கம்பிவடம் போட்டுக்கொண்டு, வந்த பணத்தை யூனிட் வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்தால் கொடுக்கலாம். அதை எத்தனை ஆண்டு செய்ய முடியும்?

இதில் ஒரு சட்ட நுணுக்கமும் உண்டு. சாதாரண நிறுவனம் சிங்கப்பூரில் லாபத்திலிருந்துதான் ஈவுத்தொகை தர முடியும். பிசினஸ் டிரஸ்ட் என்று பதிவு செய்யப்பட்டவை அப்படி அல்ல. கணக்கில் காட்டிய லாபத்தைவிட அதிகமாகவும், கையில் இருக்கும் ரொக்கத்திலிருந்து கொடுக்கலாம். அதனால் அவை கொடுக்கும் தொகையின் ஒரு பகுதி நம் முதலே திரும்பி வருவதாக இருக்கக்கூடும். வட்டி வந்தது என்று மகிழ்ந்துகொண்டிருப்போம்.

இப்போது சித்தப்பாவின் பங்குக்கு வருகிறேன். அதன் பெயரை எழுதப்போவதில்லை. பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். அதில் தலைவர் எழுதிய கடிதத்தையும் வண்ணப் படங்களையும் தாண்டிப் பின்பக்கம் போனால் ரொக்கப் பாய்வு அறிக்கை இருக்கும். ஓராண்டில் உண்மையாக எவ்வளவு பணம் உள்ளே வந்தது, எதற்கெல்லாம் வெளியே போனது என்பதைச் சொல்லும் இரண்டு பக்கம். எனக்குக் கணக்கு எளிதாக இருக்க, ஒவ்வொரு தொகையையும் மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்துக்கொண்டேன்.

வட்டிக்கு முன், தொழிலிலிருந்து வந்த ரொக்கம் பங்குக்கு 9 காசு. கடனுக்குக் கட்டிய வட்டி 2 காசு. இயந்திரங்களுக்கும் பராமரிப்புக்கும் போட்டது 4 காசு. மிச்சம் 3 காசு. கொடுத்த ஈவுத்தொகை 6 காசு.

இல்லாத 3 காசு எங்கிருந்து வந்தது? அதே அறிக்கையின் கடைசிப் பகுதியில் விடை இருந்தது. அந்த ஆண்டு புதிதாக வாங்கிய கடன், திருப்பிக் கட்டிய கடனைவிட அதிகம். முந்திய ஆண்டு அறிக்கையையும் திறந்து பார்த்தேன். அங்கும் அதே கதைதான், அளவு மட்டும் சிறியது. ஓராண்டு மட்டும் இப்படி இருந்தால், புதிய ஆலை கட்டியிருப்பார்கள் என்று விட்டுவிடலாம். இரண்டு ஆண்டும் சாதாரணப் பராமரிப்புக்கே கடன் என்றால் நிலைமை வேறு.

நிறுவனத்தால் உண்மையில் தாங்கக்கூடிய ஈவுத்தொகை அதிகபட்சம் 3 காசு. அதை 50 காசால் வகுத்தால் 6 விழுக்காடு. இதைத்தான் பன்னிரண்டு என்று செயலி காட்டியது.

இன்னொரு வகைப் பங்கும் அந்தப் பட்டியலில் இருந்தது, மூன்றாவது இடத்தில். அதன் தொழிலுக்கு எந்தக் குறையும் இல்லை. ஒரு கட்டடத்தை விற்ற பணத்தைச் சிறப்பு ஈவுத்தொகையாக ஒரே ஒரு முறை கொடுத்திருந்தது. கடந்த 12 மாதத்தில் கொடுத்த எல்லாவற்றையும் செயலி கூட்டிக்கொள்கிறது. விற்ற கட்டடத்தை அடுத்த ஆண்டும் விற்க முடியாது என்பது அதற்குத் தெரியாது.

அதற்காக விகிதம் உயர்ந்த பங்கெல்லாம் பொறி என்று நினைத்துவிடக் கூடாது. 2020 மார்ச்சில் கொவிட் அச்சத்தில் டிபிஎஸ் வங்கிப் பங்கின் விலை விழுந்தபோது, அதன் ஈவுத்தொகை விகிதமும் 6 விழுக்காட்டைத் தாண்டியது. ஈவுத்தொகை குறையவும் செய்தது. 2019இல் கொடுத்ததில் 60 விழுக்காட்டுக்கு மேல் தர வேண்டாம் என்று சிங்கப்பூர் நாணய ஆணையம் உள்ளூர் வங்கிகளைக் கேட்டுக்கொண்டதால், காலாண்டுக்கு 33 காசு 18 காசாக ஆனது. ஆனால் வங்கி அப்போதும் லாபம் ஈட்டிக்கொண்டிருந்தது. மறு ஆண்டு அந்தக் கட்டுப்பாடு நீங்கியதும் 33 காசு திரும்பி வந்தது. கேபிள் நிறுவனத்திலும் விலை விழுந்து விகிதம் ஏறியது, வங்கியிலும் அப்படியே. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கொடுக்கப் பணம் இருக்கிறதா என்று உள்ளே போய்ப் பார்த்தால்தான் வேறுபாடு புரியும். அப்படிப் பார்த்தாலும் உறுதி கிடையாது. ஆண்டறிக்கை நம் கைக்கு வரும்போது அதிலுள்ள எண்களுக்குச் சில மாத வயதாகியிருக்கும்.

ஒரு வாரம் கழித்து, ஒரு தாளில் 9, 2, 4, 3, 6 என்று எழுதிக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனேன். பொறுமையாகக் கேட்டார். “அப்ப கடன் வாங்கி எனக்குக் குடுக்குறானா?” என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வாங்கவே இல்லை என்று எழுத ஆசைதான். 2,000 வெள்ளிக்கு 4,000 பங்கு வாங்கினார். மீதி 18,000 வெள்ளியை மறுபடியும் வைப்புத்தொகையில் போட்டார். பிப்ரவரியில் அந்த நிறுவனம் தன் இறுதி ஈவுத்தொகையை 3 காசிலிருந்து அரைக் காசாகக் குறைப்பதாக அறிவித்தது. அன்று மாலை விலை 38 காசு. சித்தப்பாவின் 2,000 வெள்ளி 1,520 ஆகியிருந்தது.

இரவு அவர் எனக்கு ஒரு படம் அனுப்பினார். அதே செயலி, அதே பட்டியல். புதிய அரைக் காசு இன்னும் பங்குதாரர் கைக்கு வரவில்லை என்பதால், செயலி பழைய 6 காசையே 38ஆல் வகுத்திருந்தது. அந்தப் பங்கு இன்னமும் முதலிடத்தில்தான் நின்றது, கிட்டத்தட்ட 16 விழுக்காட்டோடு.