ஒரே தொழிலாளி, இரண்டு கணக்கு

தொழிலாளர் சட்டத் தேர்வில் ஆண்டுதோறும் ஏதோ ஒரு வடிவத்தில் வரும் கேள்வி இது. 60 பேர் வேலை செய்யும் ஒரு பம்ப் தொழிற்சாலையில், 2015 அக்டோபர் 1 அன்று ஒரு தொழிலாளி சேர்ந்தார். 2024 மே 31 அன்று, ஆர்டர் குறைந்துவிட்டது என்று சொல்லி நிர்வாகம் அவரை அனுப்பிவிட்டது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 15,600 ரூபாய். வீட்டு வாடகைப்படி 1,400. மொத்தம் 17,000. கடைசி மூன்று மாதமும் இதே சம்பளம்தான். அவருக்கு எவ்வளவு வர வேண்டும்?

பேனாவை எடுத்ததும் பெருக்கத் தொடங்குபவர்கள்தான் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது, அவர் ஏன் அனுப்பப்பட்டார் என்பது. ஒழுங்கு நடவடிக்கையாக, தண்டனையாக நீக்கியிருந்தால் அது ஆட்குறைப்பு ஆகாது. ஆட்குறைப்பு இழப்பீடும் கிடையாது. இங்கே அவர்மேல் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. ஆகவே பணிக்கொடை, ஆட்குறைப்பு இழப்பீடு இரண்டும் உண்டு.

அடுத்து வேலை செய்த காலம். 2023 செப்டம்பர் 30 வரை 8 ஆண்டு, அதன்பின் 8 மாதம். மிச்சக் காலம் ஆறு மாதத்தைத் தாண்டினால் அதையும் ஒரு முழு ஆண்டாகக் கொள்ள வேண்டும் என்றுதான் இரண்டு சட்டங்களும் சொல்கின்றன. எனவே 9 ஆண்டு. மிச்சம் சரியாக ஆறே மாதம் என்றால் அது சேராது, தாண்டியிருக்க வேண்டும்.

இப்போது பணிக்கொடை. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, பொதுவாக ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். இதற்குக் கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் மட்டுமே கணக்கில் வரும், வாடகைப்படி வராது. வார விடுமுறை நாட்கள் போக மாதத்துக்கு 26 வேலைநாள் என்று சட்டமே வைத்திருக்கிறது. 15,600-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 600 ரூபாய். 15 நாளுக்கு 9,000. ஒன்பது ஆண்டுக்கு 81,000 ரூபாய்.

ஆட்குறைப்பு இழப்பீடு 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில், 25F பிரிவில் இருக்கிறது. இதிலும் ஆண்டுக்கு 15 நாள்தான். ஆனால் எடுக்க வேண்டிய தொகை வேறு: மாதச் சம்பளக்காரருக்குக் கடைசி மூன்று முழு மாதங்களின் சராசரி ஊதியம். இந்தச் சட்டத்தில் ஊதியம் என்றால் வாடகைப்படியும் சேரும். ஆகவே 17,000. வகுக்கும் எண்ணும் வேறு. பணிக்கொடையின் 26 இங்கே பொருந்தாது, 15 நாள் சராசரி ஊதியம் என்பது மாத ஊதியத்தில் பாதிதான் என்று 2007இல் குரு ஜம்பேஷ்வர் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. பாதி 8,500. ஒன்பது ஆண்டுக்கு 76,500 ரூபாய்.

எடுத்த சம்பளம் பெரிது. வந்த தொகையோ சிறிது. காரணம் 26-க்கும் 30-க்கும் உள்ள வித்தியாசம். இரண்டுக்கும் ஒரே தொகை எழுதிய விடைத்தாளில் இந்த இடத்தில்தான் பிசகு இருக்கும்.

இன்னொன்று விட்டுப்போகும். ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். தராவிட்டால் அதற்கு ஈடாக ஒரு மாத ஊதியம் 17,000. நோட்டீஸே தரவில்லை என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,74,500 ரூபாய். இதில் இழப்பீட்டையும் நோட்டீஸ் ஊதியத்தையும் வெளியே அனுப்பும்போதே கையில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஆட்குறைப்பே செல்லாது. பணிக்கொடைக்கு 30 நாள் அவகாசம் உண்டு.

கேள்வியில் ஒரு வரியை மாற்றிப் பாருங்கள். அவர் வேண்டுமென்றே இயந்திரத்தைச் சேதப்படுத்தி 20,000 ரூபாய் நட்டம் உண்டாக்கினார். விசாரணை நடத்தி அதற்காகவே டிஸ்மிஸ் செய்தார்கள். அப்போது இழப்பீடும் இல்லை, நோட்டீஸ் ஊதியமும் இல்லை. ஆனால் பணிக்கொடை தானாகப் போய்விடாது. நட்டத்தின் அளவுக்கு மட்டுமே பிடிக்கலாம். மிச்சம் 61,000 அவருக்கு உரியது. வன்முறை, வேலையின்போது ஒழுக்கக்கேடான குற்றம் போன்றவற்றில்தான் முழுவதையும் மறுக்க இடமிருக்கிறது. டிஸ்மிஸ் ஆனவருக்கு எதுவுமே கிடையாது என்று எழுதினால், அவர் உழைத்துச் சேர்த்த பணத்தை நாமே பறித்ததாகிவிடும்.

கடைசியாக, தேதியைப் பாருங்கள். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றில் ஊதியத்துக்கு ஒரே விளக்கம்தான். படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டாதவரை வாடகைப்படி இரண்டு கணக்கிலும் சேராது. கேள்வியில் உள்ளவர் 2024 மே மாதத்தில் வேலை இழந்தவர். அவருக்குப் பழைய கணக்குதான்.