பத்துக்கு அம்பத்தூர், பதினொன்றரைக்கு கிண்டியா?

பம்ப் விற்கும் பிரதிநிதி ஒருவருக்குப் புதன்கிழமை இரண்டு சந்திப்புகள். காலை 10 மணிக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டை, அடுத்தது கிண்டி. முந்தின நாள் இரவு மேப்பைப் பார்த்தால் அரை மணி நேரப் பயணம்தான். அதை நம்பி 11.30 என்று மெசேஜ் அனுப்பிவிடுவதுதான் வழக்கமான தவறு. இரவு பத்து மணிச் சாலை வேறு, கோயம்பேடு, வடபழனி வழியே ஊர்ந்துசெல்லும் பகல் சாலை வேறு.

மேப்பில் புறப்படும் நேரத்தைப் புதன் 10.55 என்று மாற்றினால் 35 முதல் 60 நிமிடம் என்று காட்டுகிறது. பெரிய எண்ணைத்தான் எடுக்க வேண்டும். பேச்சு 10.45க்கு முடிந்தாலும் விடைபெற்று வண்டியை எடுக்கப் பத்து நிமிடம். கிண்டி கேட்டில் பெயர் எழுதி, பாஸ் வாங்க இன்னொரு கால் மணி. ஆக, 12.10.

அப்போது போனால் பர்ச்சேஸ் மேனேஜர் சாப்பாட்டு நேரத்தை எண்ணிக்கொண்டிருப்பார். அதனால் அவர் அனுப்பியது இது:

"வணக்கம் சார். புதன் மதியம் 2.15க்கு வரலாமா? அரை மணி நேரம் போதும். காலையில் அம்பத்தூரில் வேலை இருக்கிறது, கிளம்பியதும் சொல்கிறேன். தோதுப்படாவிட்டால் வியாழன் காலை 10 மணிக்கு வருகிறேன்."

அம்பத்தூரில் யாரைப் பார்க்கிறார் என்பதை எழுதவில்லை, கவனித்தீர்களா? கிண்டிக்காரருக்கு அவர் போட்டியாளராக இருக்கலாம்.