தீனி கூடினால் ஏன் சமநிலை குலைகிறது?

ஒரு கண்ணாடிக் கலனில் பச்சைப் பாசி வளர்கிறது. அதைத் தின்று வாழும் ரோட்டிஃபர் எனும் நுண்ணுயிரியும் அதே நீரில் இருக்கிறது. பாசிக்கு உரம் கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் என்ன ஆகும்? பாசி பெருகும், அதைத் தின்பதும் பெருகும், இரண்டும் செழிக்கும் என்றுதான் யாரும் சொல்வார்கள். 1971-இல் மைக்கேல் ரோசன்ஸ்வைக் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் ‘சயன்ஸ்’ இதழில் இதற்கு நேர்மாறாக எழுதினார். இரைக்கு வளத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் இரு உயிர்களின் எண்ணிக்கையும் நிலைகொள்ளாமல் ஏறி இறங்கத் தொடங்கும், கடைசியில் ஏதாவது ஒன்று அழிந்தும் போகலாம் என்றார். ‘செழுமையின் முரண்’ என்று இதற்குப் பெயர் வந்தது.

இது உள்ளுணர்வில் பிறந்த எச்சரிக்கை அல்ல, கணக்கில் வந்த முடிவு. அதைச் சரிபார்க்க நான்கு எண்கள் கொண்ட ஒரு கட்டம் போதும். ஜாக்கோபியன் அணி என்பது அந்தக் கட்டத்தின் பெயர்; 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் கணிதர் கார்ல் ஜாக்கோபியின் நினைவாக வைத்தது.

முதலில் மாதிரியைப் பார்த்துவிடுவோம். பாசியின் அளவு x, ரோட்டிஃபரின் அளவு y. இரண்டும் மாறும் வேகத்தை இப்படி எழுதலாம்:

```
dx/dt = x(1 - x/K) - xy/(1 + x)
dy/dt = y( x/(1 + x) - 0.5 )
```

முதல் வரியில் K என்பது, தின்ன ஆளில்லாவிட்டால் கலன் தாங்கக்கூடிய பாசியின் உச்ச அளவு. உரம் போடுவது என்றால் K-யைக் கூட்டுவது. x/(1 + x) என்ற பின்னம்தான் இதில் கவனிக்க வேண்டியது. இரை எவ்வளவு கிடைத்தாலும் ஒரு வயிறு ஓரளவுக்குமேல் தின்னாது, ஒவ்வொன்றையும் பிடித்துத் தின்று முடிக்க நேரமும் பிடிக்கும் என்பதை அது சொல்கிறது. கனடாவின் சி. எஸ். ஹாலிங் 1959-இல் இதைச் சோதித்த விதம் வேடிக்கையானது. கண்ணைக் கட்டிய ஒருவரை, மேசைமேல் குத்திவைத்த உப்புத்தாள் வட்டுகளை விரலால் தடவித் தேடி எடுக்கச் சொன்னார். வட்டுகள் பெருகப் பெருக எடுக்கும் வேகமும் கூடியது. ஆனால் ஓரளவுக்குமேல் கூடவில்லை, எடுத்து வைப்பதற்கே நேரம் போய்விட்டது. இரண்டாம் வரியில் உள்ள 0.5, ரோட்டிஃபர் சாகும் வீதம். (எண்களை எளிமைக்காக நான் தேர்ந்துகொண்டேன். அளவுகளுக்கு அலகு எதுவும் இல்லை.)

இரண்டு வேகங்களும் பூச்சியமாகும் இடம் சமநிலை. ரோட்டிஃபரின் வரி நிற்க x/(1 + x) = 0.5 ஆக வேண்டும், அதாவது x = 1. இதில் K எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். எவ்வளவு உரம் போட்டாலும் சமநிலையில் பாசியின் அளவு அதே 1-தான், கூடுவதெல்லாம் ரோட்டிஃபர். K = 2 என்றால் y = 1, K = 4 என்றால் y = 1.5. உரத்தின் பலன் முழுவதும் தின்பவருக்கே போகிறது.

சமநிலை இருக்கிறது என்பது ஒன்று, அது நிலைத்து நிற்குமா என்பது வேறொன்று. யாரோ கொஞ்சம் பாசியை அள்ளிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கலன் பழைய நிலைக்குத் திரும்புமா, விலகிக்கொண்டே போகுமா? மேலே உள்ள சமன்பாடுகளை நேரடியாகத் தீர்த்து x, y இரண்டையும் நேரத்தின் சூத்திரமாக எழுதிவிட முடியாது. ஆனால் நம் கேள்வி சிறு விலகலைப் பற்றியது மட்டும்தான். ஒரு வளைகோட்டின் மிகச் சிறு துண்டு நேர்கோடு போலவே இருக்கும் என்பதால், சமநிலைக்கு அருகில் சமன்பாடுகளை நேர்கோடாக்கிக்கொள்ளலாம். அதற்கு நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்: பாசி துளி கூடினால் பாசியின் வளர்வேகம் எவ்வளவு மாறும்? ரோட்டிஃபர் துளி கூடினால் பாசியின் வேகம்? பாசி கூடினால் ரோட்டிஃபரின் வேகம்? ரோட்டிஃபர் கூடினால் அதன் வேகம்? ஒவ்வொரு விடையும் ஒரு பகுதி வகையிடல். நான்கையும் இரண்டு வரிசையில் அடுக்கினால் அணி கிடைத்துவிடும்:

```
K = 2:
| -0.25   -0.50 |
|  0.25    0    |

K = 4:
|  0.125  -0.50 |
|  0.375   0    |
```

நேர்கோடாக்கியதை எவ்வளவு தூரம் நம்பலாம்? K = 2 கலனில் ரோட்டிஃபரை 1-இலேயே வைத்துப் பாசியை மட்டும் 1.01 ஆக்கினால், பாசி மாறும் உண்மையான வேகம் −0.00254, அணி சொல்வது −0.0025. பாசி 1.1 என்றால் உண்மை −0.0288, அணியின் கணிப்பு −0.025. பாசியை 2 ஆக்கினால் உண்மை −0.667, அணியோ −0.25 என்கிறது. சமநிலையின் வாசலில் துல்லியம், தெருமுனையில் தடுமாற்றம், ஊரெல்லையில் பயனில்லை.

இனித் தீர்ப்பு. விலகல் வளருமா தேயுமா என்பதை அணியின் ஐகன் மதிப்புகள் சொல்லும். அவற்றின் மெய்ப்பகுதி எல்லாமே குறை எண்ணாக இருந்தால் விலகல் தேயும். ஒன்றாவது மிகை எண்ணானால் வளரும். 2×2 அணிக்கு ஒரு குறுக்குவழி உண்டு. மூலைவிட்டத்தின் இரு எண்களைக் கூட்டினால் குறை எண்ணும், அணிக்கோவையின் மதிப்பு மிகை எண்ணும் வந்தால் சமநிலை நிலைத்தது. K = 2-க்கு மூலைவிட்டக் கூட்டுத்தொகை −0.25, அணிக்கோவை 0.125. ஆக நிலைத்தது. ஐகன் மதிப்புகள் −0.125 ± 0.331i. i இருப்பதால் விலகல் நேரே தேயாமல் சுழன்று சுழன்று தேயும்: ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 19 கால அலகு, ஒவ்வொரு சுற்றிலும் விலகல் பத்தில் ஒரு பங்காகிவிடும்.

K = 4-க்கு மூலைவிட்டக் கூட்டுத்தொகை +0.125. ஐகன் மதிப்புகள் 0.0625 ± 0.428i. ஒரு சுற்று சுமார் 14.7 அலகு, ஒவ்வொரு சுற்றிலும் விலகல் இரண்டரை மடங்கு. உரத்தை இரட்டிப்பாக்கியதைத் தவிர நாம் எதுவும் செய்யவில்லை. சமநிலைப் புள்ளி இன்னும் காகிதத்தில் இருக்கிறது, கலனில் அங்கே நிற்கத்தான் முடியாது.

இரண்டு அணிகளையும் ஒப்பிட்டால் குறி மாறியது ஒரே ஒரு கட்டத்தில், இடது மேல் மூலையில். பாசி கூடினால் பாசியின் வேகம் என்னாகும் என்ற முதல் கேள்வி அது. அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு எதிரெதிர் சங்கதிகள் தெரிகின்றன. நெரிசல் பாசியைப் பின்னுக்கு இழுக்கிறது. சமநிலையில் அதன் அளவு −1/K. கூட்டம் பாசிக்குப் பாதுகாப்பும் தருகிறது: ரோட்டிஃபர்களின் வயிறு ஏற்கனவே ஓரளவு நிறைந்திருப்பதால், பாசி கூடக்கூட ஒவ்வொன்றும் தின்னப்படும் வாய்ப்பு குறைகிறது. அதன் அளவு y/4. K = 2-இல் −0.5 + 0.25, நெரிசல் வெல்கிறது. K = 4-இல் −0.25 + 0.375, கூட்டத்தின் பாதுகாப்பு வெல்கிறது. உரம் போட்டதும் நெரிசல் தளர்ந்தது, கூடவே ரோட்டிஃபரும் பெருகியது. இரண்டு பக்கமும் தராசு ஒரே திசையில் சாய்ந்துவிட்டது. பாசி தற்செயலாகக் கொஞ்சம் கூடினால், கூடியதே மேலும் கூட வழி செய்கிறது. ரோசன்ஸ்வைக்கின் முரண் என்பது இவ்வளவுதான். இதைச் சொல்லும் இந்தச் சிறு கழித்தல், பெரிய வரைபடங்களைவிட எனக்குத் தெளிவாகப் படுகிறது.

K = 3-இல் −1/3 + 1/3, சரியாகப் பூச்சியம். இங்கே அணி வாய் திறப்பதில்லை. மெய்ப்பகுதி பூச்சியமானால், நேர்கோடாக்கும்போது நாம் தூக்கியெறிந்த வளைவுகள்தான் முடிவைத் தீர்மானிக்கும். அணியை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதினால் தவறிப்போகும். 1920-களில் லோட்காவும் வால்டெராவும் எழுதிய பழைய இரை–வேட்டையாளர் மாதிரி எப்போதுமே இந்த விளிம்பில்தான் இருக்கிறது. அதில் நெரிசலும் இல்லை, வயிறு நிறைவதும் இல்லை. மூலைவிட்டம் முழுக்கப் பூச்சியம்.

K = 3-ஐத் தாண்டிய பிறகும் ஒரு விஷயத்தை அணி சொல்லாது. விலகல் இரண்டரை மடங்காகப் பெருகிக்கொண்டே முடிவிலி வரை போகுமா? போகாது. சமநிலையிலிருந்து விலகியதும் அணி செல்லுபடியாகும் எல்லை முடிந்துவிடுகிறது. முழுச் சமன்பாடுகளைக் கணினியில் படிப்படியாக ஓட்டிப் பார்த்தால், இரு எண்ணிக்கைகளும் ஒரு நிலையான வட்டத்தில் மாறி மாறி ஏறி இறங்குவது தெரியும். K மேலும் கூடினால் வட்டத்தின் அடிப்பகுதி பூச்சியத்தை நெருங்குகிறது. காகிதத்தில் 0.0001 என்பது ஓர் எண். கலனில் அது ஒரு உயிரும் மிஞ்சாத நிலை. அழிவு பற்றிய எச்சரிக்கை அங்கிருந்து வருகிறது, அணியிலிருந்து அல்ல.

ஆய்வுக்கூடத்தில் இது நடக்கிறதா? 2000-இல் ஃபுஸ்மனும் மற்ற மூவரும் குளோரெல்லா பாசியையும் ரோட்டிஃபரையும் தொடர்ந்து நீர் ஓடும் வளர்கலனில் வைத்து, நீர் மாறும் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். சில வேகங்களில் இரண்டும் ஓரளவில் நின்றன, சிலவற்றில் ஏறி இறங்கின, சிலவற்றில் ரோட்டிஃபர் அற்றுப்போனது. நிலைத்த சமநிலையிலிருந்து சுழற்சிக்கு மாறும் எல்லையை உயிருள்ள அமைப்பில் அவர்களால் கடந்து காட்ட முடிந்தது. ஆனால் மெக்காலியும் மர்டாக்கும் 1990-இல் நீர்த்தெள்ளையும் பாசியையும் வைத்துப் பார்த்தபோது, வளம் மிகுந்த நீரிலும் முரண் முன்னறிவித்த பெரும் ஏற்ற இறக்கம் வரவில்லை.

மாதிரியும் நீரும் முரண்படும்போது எங்கே தேடுவது என்பதற்கும் அணியிலேயே துப்பு இருக்கிறது. வலது கீழ் மூலையில் நாம் கண்டுகொள்ளாமல் விட்ட 0, ‘ரோட்டிஃபர் பெருகினால் அது தன்னைத்தானே தடுத்துக்கொள்வதில்லை’ என்ற அனுமானம். உண்மையில் தின்னும் உயிர்கள் நெருங்கினால் ஒன்றுக்கொன்று இடையூறாகலாம், நோய் பரவலாம். அந்தக் கட்டத்தில் −0.2 வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சமநிலைப் புள்ளியும் கொஞ்சம் நகரும், அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம். K = 4-லும் மூலைவிட்டக் கூட்டுத்தொகை 0.125 − 0.2 = −0.075, அணிக்கோவை 0.1625. உரம் கூடியும் கலன் அசையாமல் நிற்கிறது.